தேதி ஒன்று, கிழமை வேறு: படகு ஆய்வு அறிவிப்பில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டிய அனுபவம்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு என்பது இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், வர்ணம் அடிப்பதும், இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதும் நடக்கும். அதே நாட்களில்தான் படகுகளை அதிகாரிகள் நேரில் வந்து ஆய்வு செய்வதும் நடக்கும். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், டீசல் புத்தகம் ஆகியவற்றுடன் படகைக் காட்ட வேண்டும். காட்டாத படகுக்கு மானிய டீசல் நிறுத்தி வைக்கப்படும் என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும் முதல் வாரத்தில் மானிய டீசல் கிடைக்கவில்லை என்றால் ஒரு சம்மாட்டிக்கு, அதாவது படகு உரிமையாளருக்கு, அது எவ்வளவு பெரிய அடி என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே அந்த அறிவிப்பில் உள்ள தேதி எங்களுக்கு வெறும் எண் அன்று.

என் அண்ணனுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. படகின் காகித வேலைகளை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். 2025ஆம் ஆண்டு மே 16, வெள்ளிக்கிழமை மாலையில், ஆய்வு நடத்தும் அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் படம் வெளியானது. எங்கள் பகுதித் தளத்தில் நிற்கும் விசைப்படகுகள் அனைத்தும் “22.05.2025 (புதன்கிழமை) காலை 6.00 மணிக்கு” மிதக்கும் நிலையில் ஆய்வுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அண்ணன் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். மே 22 வியாழக்கிழமை. புதன்கிழமை என்றால் அது மே 21.

அறிவிப்புகளில் வரும் பிழைகளிலேயே இந்த வகைதான் மிகவும் சிக்கலானது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தேதி மட்டும் தவறாக இருந்து கிழமையே இல்லாமல் போயிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எல்லோரும் ஒரே நாளில் போய் ஏமாந்து திரும்பியிருப்போம், அதிகாரிகளுக்கும் உடனே தெரிந்திருக்கும். தேதியும் கிழமையும் ஒன்றோடொன்று முரண்படும்போது, தேதியை நம்புகிறவர்கள் ஒரு நாளையும் கிழமையை நம்புகிறவர்கள் இன்னொரு நாளையும் மனத்தில் குறித்துக்கொண்டு, இரு தரப்பினரும் தாங்கள் சரியாகவே படித்திருப்பதாக நம்பிக்கொண்டு இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் கிழமையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். போனில் குறித்து வைக்கும் இளைஞர்கள் தேதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே வீட்டிலேயே இரண்டு நாட்கள் உருவாகிவிடும்.

இது எங்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்றால், அப்போது எங்கள் படகு கரையில் இருந்தது. வர்ண வேலை முடியும் தறுவாயில் இருந்தது. படகைத் தூக்கி நீரில் இறக்க கிரேன் பேச வேண்டும். தடைக்காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிரேனைக் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே நாள் சொல்லிவிட வேண்டும். டிரைவரும் உடன் வருகிறவர்களும் தடைக்காலத்தில் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்களை வரவழைக்க வேண்டும். ஆய்வு வியாழக்கிழமை என்றால் புதன்கிழமை இறக்கினால் போதும். புதன்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமையே இறக்கியாக வேண்டும். ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனால் அந்த ஒரு நாளுக்குள் கிரேன், ஆட்கள், வர்ணம் காய்வது எல்லாம் அடங்கியிருந்தன.

நான் பார்ப்பதற்குள்ளாகவே அந்த அறிவிப்பின் கீழே சிலர் எழுதத் தொடங்கியிருந்தார்கள். முதலில் எழுதியவர் தேதியைப் பற்றி எழுதவில்லை. “ஆய்விற்க்கு” என்று ஒற்று மிகுந்து அச்சாகியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, தமிழ் தெரியாதவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று எழுதியிருந்தார். அதற்கு இருபது பேர் சிரித்துப் பதில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒருவர் “கிழமை தவறாக உள்ளது” என்று ஒரே வரியில் எழுதியிருந்தது அந்தச் சிரிப்புக்கு நடுவே புதைந்து போயிருந்தது. இரவுக்குள் கருத்து எழுதும் வசதியையே பக்கத்தை நடத்துகிறவர் முடக்கிவிட்டார். பிழையைச் சொன்ன அந்த ஒரு வரி அவர் கண்ணில் பட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கோபமாக வந்தது. ஒரு நல்ல வாய்ப்பை நம்மவர்களே கெடுத்துக்கொண்டார்களே என்று.

இதிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அறிவிப்பில் எழுத்துப்பிழையும் தேதிப்பிழையும் சேர்ந்து இருந்தால், எழுத்துப்பிழையைத் தொடவே தொடாதீர்கள். “ஆய்விற்கு” என்பதில் ஒற்று மிகுந்ததால் எந்தப் படகும் நாள் தவறப் போவதில்லை. எந்தப் பிழையால் யாராவது தவறான நாளில், தவறான இடத்தில், தவறான காகிதத்தோடு நிற்க நேருமோ அதை மட்டும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் படிக்கிற அலுவலருக்கு நீங்கள் குற்றம் கண்டுபிடிக்க வந்தவராகத் தோன்றும்; தேதிக்குப் பதில் வருவதற்கு முன் மனத்தாங்கல் வந்துவிடும். எழுத்துப்பிழை பெயரிலோ, படகின் பதிவு எண்ணிலோ, தளத்தின் பெயரிலோ இருந்தால் அது வேறு விஷயம். “வடக்கு” என்பதற்குப் பதில் “தெற்கு” என்று வந்தால், மண்டபம் போல வடகடல், தென்கடல் என்று இரண்டு பக்கமும் படகு நிற்கும் ஊரில் அதுவும் தேதிப்பிழைக்குச் சமம்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் இன்னொரு படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. பார்ப்பதற்கு அசல் அறிவிப்பு போலவே இருந்தது. “புதன்கிழமை” என்ற இடத்தில் மட்டும் “வியாழக்கிழமை” என்று மாற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் கணினி மையம் வைத்திருக்கும் ஒரு தம்பி நல்ல எண்ணத்தோடு செய்த வேலை அது. அவரிடம் கேட்டபோது அவர் சொன்ன காரணம் உண்மையிலேயே கூர்மையானது. “அக்கா, போன வருச நாட்காட்டியப் பாருங்க. 2024 மே 22 புதன்கிழமை. போன வருசக் கோப்பை எடுத்து வருசத்தை மட்டும் மாத்திட்டு, கிழமையை மாத்த மறந்துட்டாங்க. அதனால தேதிதான் சரி, கிழமைதான் தப்பு” என்றார்.

அவர் சொன்ன கணக்கு சரியான கணக்குதான். சாதாரண ஆண்டில் 365 நாட்கள். 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். ஆகவே அதே தேதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளி வரும். 2023 மே 22 திங்கள், 2024 மே 22 புதன், 2025 மே 22 வியாழன் என்பது அப்படித்தான். அலுவலகங்களில் பழைய கோப்பை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றுவது மிகவும் வழக்கமான காரியம் என்பதால், கிழமை தவறாக உள்ள அறிவிப்பைப் பார்த்தவுடன் முந்தைய ஆண்டின் அதே தேதி என்ன கிழமை என்று பார்ப்பது நல்ல முதல் சோதனை. ஆனால் அந்தச் சோதனை தரும் விடை ஓர் ஊகம் மட்டுமே. பிழை எப்படி நேர்ந்திருக்கலாம் என்று அது சொல்லும். எது சரியான நாள் என்று அது சொல்லாது. அதை அறிந்தவர் கையெழுத்திட்ட அலுவலர் ஒருவர்தான். இந்த வேறுபாடு அன்றைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. தம்பி உருவாக்கிய படம் அலுவலகத்தின் முத்திரையோடு இருந்ததால், அது அலுவலகமே வெளியிட்ட திருத்தம் என்று பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வெள்ளிக்கிழமை இரவே அலுவலகப் பக்கத்துக்குத் தனிச் செய்தி அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கழிந்தது. அந்த இரண்டு நாளும் என்னால் வேறு வேலையில் மனத்தைச் செலுத்த முடியவில்லை. கிரேன்காரர் நாள் கேட்டு அண்ணனுக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் என்னிடம் கேட்பார், நான் பதில் வரட்டும் என்பேன். அடுத்த வீட்டு மச்சான், “ஒரு தேதியைக் கேட்க இவ்வளவு யோசனையா, எல்லாரும் வியாழன்னுதானே சொல்றாங்க” என்று சொன்னார். அந்த வார்த்தை வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். முகநூலில் வரும் படம், அறிவிப்பின் கடைசி வடிவம். முதலில் அலுவலர் ஒப்புதல் அளித்த கோப்பு இருக்கும். அதிலிருந்து சுற்றறிக்கை தட்டச்சாகும். அதில் அலுவலர் கையெழுத்திடுவார். அதைப் பார்த்து யாரோ ஒருவர் படம் தயாரிப்பார். இன்னொருவர் அதைப் பதிவேற்றுவார். பதிவேற்றுகிறவர் பெரும்பாலும் கீழ்நிலைப் பணியாளர். பிழை இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தாலும், எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் தேதியை மாற்ற அவரால் முடியாது. ஆகவே பக்கத்தின் உள்பெட்டியில் செய்தி அனுப்புவது தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. சுற்றறிக்கையின் தலைப்பில் “ந.க. எண்” என்று ஒரு கோப்பு எண்ணும், அதன் நாளும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால்தான் எந்தப் பிரிவில், எந்த மேசையில் கோப்பு இருக்கிறது என்று அலுவலகத்தில் உடனே கண்டுபிடிக்க முடியும். படத்தில் அந்த எண் இல்லை. மீனவர் சங்கத்துக்கு வந்த சுற்றறிக்கை நகலை ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துப் பெரியவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் எண் இருந்தது. அதிலும் 22.05.2025 (புதன்கிழமை) என்றே இருந்தது. அப்படியென்றால் பிழை படம் தயாரித்தவர் கையில் நேரவில்லை, அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அதனால் தெளிவானது. சுற்றறிக்கையில் சரியாக இருந்து படத்தில் மட்டும் தவறு என்றிருந்தால் பதிவேற்றியவரிடம் நகலைக் காட்டினாலே போதும். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்.

அன்று இரவு கடிதத்தை எழுதினேன். முழுவதையும் இங்கே தருகிறேன், யாருக்காவது பயன்படட்டும். “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மேற்கண்ட ந.க. எண்ணில் வெளியான விசைப்படகு ஆய்வுச் சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தியிலும், 16.05.2025 மாலை தங்கள் அலுவலக முகநூல் பக்கத்தில் வெளியான படத்திலும், ஆய்வு நாள் 22.05.2025 (புதன்கிழமை) என்று குறிப்பிடப்பட்டுள்ளது. நாட்காட்டிப்படி 22.05.2025 வியாழக்கிழமையாகும், புதன்கிழமை 21.05.2025 ஆகும். ஆய்வு நடைபெறுவது இவ்விரண்டில் எந்த நாள் என்பதை உறுதிப்படுத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். படகுகளை முந்தைய நாளே நீரில் இறக்க வேண்டியிருப்பதால், செவ்வாய்க்கிழமை காலைக்குள் விவரம் தெரிந்தால் அனைவரும் ஆய்வில் தவறாமல் கலந்துகொள்ள இயலும். சுற்றறிக்கையின் நகலும் படத்தின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன.” கீழே பெயர், படகின் பதிவு எண், கைப்பேசி எண். அவ்வளவுதான்.

இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்தே வைத்தேன். பிழை, தவறு, கவனக்குறைவு என்ற சொற்கள் எதுவும் கடிதத்தில் இல்லை. எழுதியிருப்பது என்ன, நாட்காட்டியில் இருப்பது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். அதன்மேல் நாம் பெயர் சூட்ட வேண்டியதில்லை. “வியாழக்கிழமை என்று திருத்துங்கள்” என்றும் எழுதவில்லை, ஏனென்றால் எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போல எழுதினால், அலசிப் பார்க்க நேரமில்லாத ஒருவர் நாம் சொன்னபடியே மாற்றிவிடவும் கூடும். விடை எப்போது தேவை, ஏன் தேவை என்று சொன்னதால் கடிதம் தபால் கட்டின் அடியில் போகாமல் இருந்தது. “அனைவரும் ஆய்வில் கலந்துகொள்ள இயலும்” என்பது அலுவலகம் விரும்புவதும் அதுவே என்பதால் எழுதியது. அது முகத்துதி அன்று, உண்மையும் கூட.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறி அலுவலகத்துக்கே போய்விட்டேன். அலுவலர் முகாம் சென்றிருந்தார். பிரிவில் இருந்த உதவியாளர் அம்மா கடிதத்தை வாங்கிப் படித்ததும் முகம் மாறினார். “இதுக்குத்தான் அத்தனை பேரும் எங்களைத் திட்டினாங்களா?” என்று கேட்டார். “அம்மா, நான் திட்ட வரலை. எந்த நாள்னு தெரிஞ்சா படகை இறக்கிடுவோம், அதான்” என்றேன். அவர் கோப்பை எடுத்து, எண்ணைச் சரிபார்த்து, சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னதைக் கேட்டு எனக்கு வியப்பாகப் போய்விட்டது. முதலில் ஆய்வு 22, வியாழக்கிழமை என்றே குறிக்கப்பட்டிருந்ததாம். ஆய்வுக்கு வரும் குழுவினருக்கு வியாழக்கிழமை வேறு தளத்தில் வேலை இருந்ததால், அலுவலர் கோப்பில் அதை ஒரு நாள் முன்னதாக மாற்றியிருக்கிறார். தட்டச்சில் கிழமையை மாற்றியவர்கள் தேதியை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். சரியான நாள் 21.05.2025, புதன்கிழமை. கணினி மையத் தம்பியின் கணக்கு எவ்வளவு பொருத்தமாகத் தோன்றியதோ, உண்மை அதற்கு நேர் எதிராக இருந்தது. முந்தைய ஆண்டின் மே 22 புதன்கிழமையாக அமைந்தது முழுக்க முழுக்கத் தற்செயல்.

“ஆனா நான் வாயால சொன்னதை வெச்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஐயா வந்து கையெழுத்துப் போட்டாத்தான்” என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். நியாயமான பேச்சு. நான் கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் நாளோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டேன். இதை மறந்துவிடாதீர்கள், நேரில் பேசியதற்கு அத்தாட்சி கிடையாது, முத்திரை இட்ட நகலுக்கு உண்டு. கடிதத்தோடு இன்னொரு வேண்டுகோளையும் வாய்மொழியாகச் சொன்னேன். திருத்தம் வெளியிடும்போது “திருத்தம்” என்ற சொல் படத்தின் தலைப்பிலேயே பெரிதாக இருக்க வேண்டும், பழைய தேதி எது, புதிய தேதி எது என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும் என்றேன். ஏனென்றால் பக்கத்தில் உள்ள பழைய படத்தை எடுத்துவிட்டாலும், ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட நகல்கள் அவரவர் போனிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அனுப்பியவரே திருத்துவதற்குக்கூட 15 நிமிடங்கள்தான் அவகாசம். சரியான தேதியுடன் புதிதாக ஒரு படம் மட்டும் வந்தால், எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாமல் குழப்பம் இரண்டு மடங்காகும். எங்கள் ஊரில் அப்போது மூன்றாவதாகத் தம்பியின் படமும் சுற்றிக்கொண்டிருந்தது.

அலுவலர் திரும்பியது செவ்வாய்க்கிழமை பிற்பகலில். மாலை நான்கு மணிக்குமேல் திருத்தம் வெளியானது. நான் கேட்டபடியே தலைப்பில் “திருத்தம்” என்று இருந்தது, “22.05.2025 என்பதை 21.05.2025 (புதன்கிழமை) என்று படிக்கவும்” என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பழைய பதிவின் மேலும் “திருத்தம் வெளியிடப்பட்டுள்ளது” என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த உதவியாளர் அம்மாவே எனக்கு அழைத்துச் சொன்னார். மனத்தில் பெரிய நன்றி எழுந்தது. ஆனால் ஆய்வு மறுநாள் காலை 6 மணிக்கு.

உடனே செய்தது, அந்தத் திருத்தப் படத்தை அதற்கு முந்தைய படம் எந்தெந்தக் குழுக்களில் வந்ததோ அந்தந்தக் குழுக்களிலேயே போட்டது. சொந்த வார்த்தை எதுவும் சேர்க்காமல், “அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் இன்று மாலை வெளியானது” என்று மட்டும் எழுதினேன். தம்பியிடமும் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நொடியும் தயங்காமல் தன் படத்தை நீக்கிவிட்டு, அது தான் தயாரித்தது என்றும் திருத்தப் படத்தை மட்டுமே நம்புமாறும் அவரே எழுதினார். ஆனால் போனைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்களே. சங்கத்துப் பெரியவர் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஏற்பாடு செய்தார். பள்ளிவாசலிலும் சொல்லச் சொன்னோம். கடற்கரை ஊரில் ஓர் அறிவிப்புத் திருத்தம் உண்மையில் போய்ச் சேர்வது மைக் வழியாகத்தான். அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே சங்கத்துக்கும் தகவல் தருமாறு ஒரு வரி சேர்ப்பது நல்லது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

எங்கள் படகு இன்னும் கரையில் இருந்தது. திங்கட்கிழமை கேட்டுவந்த விவரத்தை வைத்துச் செவ்வாய்க்கிழமையும் தயாராக இருங்கள் என்று டிரைவருக்கும் ஆட்களுக்கும் சொல்லியிருந்தோம். ஆகவே அவர்கள் வந்துவிட்டார்கள். கிரேன்காரர் மட்டும் மாலையில் வேறிடத்தில் இருந்தார். இரவு பத்து மணிக்குமேல் வந்து, விளக்கு வெளிச்சத்தில் படகை இறக்கினார். இரவு வேலை என்பதால் பேசிய தொகையைவிட 3,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். ஆட்களின் போக்குவரத்து, சாப்பாடு, ஒரு நாள் கூடுதல் பேட்டா எல்லாம் சேர்த்து இன்னொரு 4,000 ரூபாய் வரை ஆனது. அடிப்பாகத்தில் ஓரிடத்தில் வர்ணம் சரியாகக் காயாமல் உரிந்துவிட்டது. அதைப் பிறகு மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. தடைக்காலத்தில் வருமானம் இல்லாத வீட்டுக்கு இந்தத் தொகை சிறியது அன்று. அன்று இரவு கரையில் நின்றுகொண்டு, வெறும் இரண்டு எண்களுக்காக இவ்வளவும் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆய்வுக் குழு சொன்ன நேரத்துக்கு வந்தது. எங்கள் படகு நல்லபடியாகக் காட்டப்பட்டது. ஆனால் வியாழன் என்றே நம்பியிருந்த சிலரின் படகுகள் கரையிலேயே இருந்தன. திருத்தம் அவர்களுக்குத் தெரிந்தபோது இரவாகிவிட்டது, கிரேன் கிடைக்கவில்லை. அவர்களுக்காக இன்னொரு மனு எழுத வேண்டியிருந்தது. அந்த மனுவில் 16ஆம் தேதி வெளியான முதல் அறிவிப்பின் படத்தையும், 20ஆம் தேதி மாலை வெளியான திருத்தத்தின் படத்தையும், வெளியான நேரம் தெரியும்படி எடுத்த திரைப்பதிவுகளாக இணைத்தோம். திங்கட்கிழமை முத்திரை வாங்கிய என் கடித நகலையும் சேர்த்தோம். திருத்தம் வெளியானதற்கும் ஆய்வு தொடங்கியதற்கும் இடையே ஓர் இரவு மட்டுமே இருந்தது, அந்த நேரத்துக்குள் கரையில் இருந்த படகுகளை இறக்க இயலவில்லை என்று இரண்டே வாக்கியங்களில் எழுதி, இந்தப் படகுகளுக்கு மாற்று நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டோம். தம்பி தயாரித்த படத்தைப் பற்றி ஒருவர் எழுதச் சொன்னார். அதை எழுதினால் அலுவலக அறிவிப்பை நம்பாமல் வேறு படத்தை நம்பியதாக ஆகிவிடும் என்பதால் வேண்டாம் என்றோம். அசல் அறிவிப்பில் இருந்த தேதியே 22 என்பதால் அதுவே அவர்களுக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது. அலுவலர் மனுவைப் படித்துவிட்டு வேறு கேள்வி கேட்காமல், விடுபட்ட படகுகளின் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கினார். மாற்று நாள் குறித்து வந்த சுற்றறிக்கையைப் பிரித்ததும், சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் முதலில் நாட்காட்டியை எடுத்தார்கள். தேதியும் கிழமையும் பொருந்தியிருந்தன.